உடனே ரீட்ரை அடிச்சா சர்வர் ஏன் எந்திரிக்க மாட்டேங்குது: கேள்வி பதில்

தரமணி: ஏபிஐ ஃபெயில் ஆனா லூப்ல உடனே திரும்ப கூப்பிடுறோம். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணாலும் மறுபடி படுத்துருது, ஏன் சார்?

ஃபெயிலான கால் ரொம்ப சீக்கிரம் திரும்பி வந்துரும்ங்க, அதான் வினையே. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ் ஆகி 10 மில்லிசெகண்ட்ல திரும்புதுன்னா ஒரு ஆப் மட்டும் செகண்டுக்கு 100 தடவை தட்டும், 2000 ஆப்னா 2 லட்சம். சாதாரண நாள்ல செகண்டுக்கு 500 பார்த்த சர்வர் அது, இப்பதான் எந்திரிச்சிருக்கு, கேஷ் காலி, டிபி கனெக்‌ஷன் கூட முழுசா திறக்கல, அதுக்குள்ள இவ்ளோ வந்தா எப்படி நிக்கும்? முதல்ல வந்த கோளாறு எப்பவோ சரியாயிருக்கும், இப்ப படுக்க வைக்கிறது உங்க ரீட்ரைதான்.

சோழிங்கநல்லூர்: நாங்க 1, 2, 4, 8 செகண்டுன்னு டபுள் பண்ணிட்டோம், ஜிட்டர்லாம் தேவையில்ல. ஸ்பைக் மட்டும் வருது, நெட்வொர்க்கா இருக்கும்.

பாதி சரி. கிராஃபை செகண்ட் வாரியா பாருங்க. முள்ளு முள்ளா நின்னு, நடுவுல காலியா இருந்து, இடைவெளியும் டபுள் ஆகிட்டே போனா அது நெட்வொர்க் இல்ல. 2000 பேரும் ஒரே நொடியில ஃபெயில் ஆனாங்க, ஒரே கணக்குல காத்திருந்தாங்க, ஒண்ணாவே திரும்பி வர்றாங்க. ஓஎம்ஆர் சிக்னல்ல சிவப்பை எவ்ளோ நீட்டினாலும் பச்சை விழுந்ததும் மொத்த பைக்கும் சேர்ந்துதானே கிளம்பும்? அதுக்குத்தான் ஜிட்டர், காத்திருக்கிற நேரத்தை ஆளாளுக்கு ரேண்டமா மாத்திவிடணும்:

```python
d = random.uniform(0, min(30, 1 * 2 ** n))
time.sleep(d)
```

`n` எத்தனையாவது ரீட்ரைங்கற கணக்கு, 0ல ஆரம்பிக்கும், 30 செகண்டுதான் உச்சம். `n` 2 ஆகும்போது அந்த 2000 பேரும் 4 செகண்டுல பரவிருவாங்க, செகண்டுக்கு சுமார் 500, உங்க சர்வர் தாங்குற அளவு. சிலருக்கு கிட்டத்தட்ட 0 விழும், விழட்டும். 4 செகண்டோட சும்மா கொஞ்சூண்டு ரேண்டம் சேர்க்கிறவங்க இருக்காங்க, அதுல முள்ளு லேசா தடிக்கும், அவ்ளோதான். 503 கூட `Retry-After` வந்தா அதுக்கு முன்னாடி போகாதீங்க.

அம்பத்தூர்: அண்ணா எனக்கு பேமெண்ட் ரெண்டு தடவை போயிருச்சு, இத போட்டா நிக்குமா?

நிக்காதுப்பா, அது வேற கதை. டைம்அவுட் ஆச்சுன்னா வேலை நடக்கலன்னு அர்த்தம் இல்ல, பதில் வரல, அவ்ளோதான். ஒரு பேமெண்டுக்கு ஒரே கீ, எத்தனை தடவை ரீட்ரை பண்ணாலும் அதே கீ போகணும், ஏற்கனவே முடிஞ்சதான்னு சர்வர் அத வச்சு பார்க்கணும். அது வர்ற வரைக்கும் பேமெண்டுக்கு ரீட்ரைய ஆஃப் பண்ணி வை.

சிறுசேரி: ஆப், கேட்வே, சர்வீஸ் மூணுலயும் 3 முயற்சி வச்சிருக்கோம், சேஃப்தானே மேடம்?

மேடம் இல்லங்க, சார்! 3 × 3 × 3, டிபி படுத்துட்டா ஒரு கிளிக்குக்கு அதுமேல 27 அடி. ஒரு லேயர்ல மட்டும் வைங்க. எந்த லேயர்ங்கறதுல எங்க டீம்லயே சண்டை: நான் டிபிக்கு பக்கத்துல இருக்கிற சர்வீஸ்லங்கறேன், மொபைல் பசங்க ஆப்லதான் வேணும்ங்கறாங்க, லிஃப்டுல சிக்னல் போனா சர்வீஸுக்கு எப்படி தெரியும்னு கேக்குறாங்க, அதுவும் நியாயம்தான்.