கரண்ட் வந்தும் நெட் வராத ரவுட்டர்: கேள்வி பதில்

கேள்வி: சார், கரண்ட் போய் வந்தா நெட் வர்றதில்ல. ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் வருது. புதுசு வாங்கணுமா?

இப்போதைக்கு வேண்டாம். அடுத்த தடவை கரண்ட் வந்ததும் பத்து நிமிஷம் கை வைக்காம விட்டுப் பாருங்க. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியா இருந்தா, பெட்டி லைனைப் பிடிக்கிறதுக்குள்ள ரவுட்டர் எழுந்து, இணைப்பு கேட்டு, கிடைக்காம நின்னுடும். பத்து நிமிஷத்துலயும் நெட் வராம, பெட்டியைத் தொடாம ரவுட்டரை மட்டும் ஆஃப்-ஆன் பண்ணி வந்தா, பெரும்பாலும் இதுதான் காரணம்.

வைஃபை பேரே போன்ல தெரியலை, ஆனா லைட் எரியுதுன்னா அது வேற கதை. கரண்ட் ஒரு கண் சிமிட்டு சிமிட்டும்போது அடாப்டர்ல வோல்டேஜ் பாதி இறங்கி நிக்கும். ரவுட்டர் முழுசா அணையாது, ஒழுங்கா ஓடவும் ஓடாது. பழைய அடாப்டர்ல உள்ளே கெப்பாசிட்டர் வலுவிழந்திருந்தா இது அடிக்கடி நடக்கும். அடாப்டரை மாத்திப் பாருங்க. வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. ரவுட்டர்ல சொருகுற பின் அளவும் அதன் பிளஸ்-மைனஸும் பொருந்தணும்.

கேள்வி: அண்ணே, நான் ஸ்டெபிலைசர் போட்டேன். லோ வோல்டேஜ் பயம் போச்சு. ஆனா இன்னும் ஹேங் ஆகுதே?

லோ வோல்டேஜ் பத்தி நீங்க நினைச்சது சரிதான். ஆனா பெரும்பாலான அடாப்டர் 100லிருந்து 240 வோல்ட் வரை தானாவே சமாளிக்கும். உங்க சிக்கல் நடுவுல விழுற இடைவெளி. அதை ஸ்டெபிலைசர் நிரப்பாது. கரண்ட் போனதும் பேட்டரியில ஓட்டுற 12 வோல்ட் மினி யுபிஎஸ்தான் நிரப்பும். 8800 எம்ஏஎச்னு போட்டிருந்தா, உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல் கணக்குல சுமார் 32 வாட்-அவர். பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 10 வாட் இழுத்தா கணக்குப்படி மூணு மணி நேரம், நடைமுறையில ரெண்டு, ரெண்டரைதான். ரெண்டுமே 12 வோல்ட்டான்னு முதல்ல பாருங்க. பழைய 1 ஆம்பியர் அடாப்டரை மினி யுபிஎஸ்ஸுக்குக் கொடுக்காதீங்க, ஓட்டவும் சார்ஜ் பண்ணவும் பத்தாது.

கேள்வி: எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, அதனால எனக்கு மினி யுபிஎஸ் தேவையில்லைதானே? இருந்தும் சில நேரம் ரீஸ்டார்ட் ஆகுது.

இன்வெர்ட்டர் மாறுற அந்த நொடிப்பொழுதுலதான் ஆகுது. பல இன்வெர்ட்டர்ல யுபிஎஸ் மோடுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போடுங்க. அப்பவும் நடந்தா மினி யுபிஎஸ்தான்.

கேள்வி: இடி, ஹை வோல்டேஜுக்கு ஸ்பைக் பஸ்டர் போதுமா?

எர்த் சரியா இருந்தாத்தான் அது முழுசா வேலை செய்யும். நொடிக்கும் குறைவான ஸ்பைக்கைத்தான் தடுக்கும், ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். தெருவுல நியூட்ரல் அறுந்து ஹை வோல்டேஜ் நீடிச்சு வந்தா அதுவே எரிஞ்சுடும். அதுக்கு மெயின்ல எலக்ட்ரீஷியனை வச்சு ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் போடணும். ஃபைபர் கண்ணாடி இழை வழியா இடி வராது. ஆனா மொட்டை மாடி கேமராவிலிருந்து வர்ற லேன் கேபிள் வழியா வரும். இடி தொடங்குறதுக்கு முன்னாடியே அதையும் பிளக்கையும் கழட்டிடுங்க.

கேள்வி: மினி யுபிஎஸ் போட்டாச்சு. பெட்டியில லைன் போச்சுன்னு காட்டுற எல்ஓஎஸ் சிவப்பு லைட் எரியலை. ஆனாலும் கரண்ட் போனா சில சமயம் நெட் போகுது.

லைன் நல்லா இருக்கு, அப்போ சிக்கல் ஆபரேட்டர் பக்கமா இருக்கலாம். அவங்க பழைய இணைப்பை விடாம வச்சிருக்காங்களா, இல்ல அங்க இருக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு பேக்கப் இல்லையான்னு இங்கிருந்து சொல்ல முடியலை. நெட் போன நேரத்தைக் குறிச்சுக் கொடுத்து, அவங்க லாக் பதிவுல பார்க்கச் சொல்லுங்க.