எ, ஆன், தி: எது எங்கே?

ஆங்கிலத்தில் எழுதும்போது எ, ஆன், தி எங்கே போடுவது என்று தெரியவில்லை. நமக்கு ஏன் இப்படித் தவறுகிறது?

இவற்றின் பெயர் ஆர்ட்டிகிள். நாம் சொல்லும் பொருள் எதுவென்று படிப்பவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதைக் காட்டும் சின்னச் சொற்கள். ஒருவரை முதலில் அறிமுகம் செய்கிறோம், அப்புறம் பெயர் சொன்னாலே போதும் அல்லவா? அறிமுகத்துக்கு ‘எ’, அதற்குப் பிறகு ‘தி’. ‘ஐ பாட் எ புக். தி புக் இஸ் டார்ன்.’

தமிழில் இதற்குத் தனிச்சொல் இல்லை. அதனால்தான் ‘ஐ பாட் புக்’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த வேறுபாடு நம்மிடம் இருக்கிறது, வேற்றுமை உருபில். ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒன்று. ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் ஏற்கெனவே பேசிய புத்தகம். சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘ஐ’ உருபு இயல்பாக ஒட்டினால் பெரும்பாலும் ‘தி’. இது செயப்படுபொருளாக வரும் அஃறிணைக்குத்தான் பொருந்தும். மனிதர்களுக்கு ‘ஐ’ பெரும்பாலும் வந்துவிடும்.

‘ஆன்’ வெறும் ஒலி விஷயம். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ‘ஆன்’: ‘ஒரு மணி நேரம்’ என்பதற்கு ‘ஆன் அவர்’, ஆனால் ‘எ யுனிவர்சிட்டி’.

‘தி’ என்றால் ‘அந்த’ என்று பலர் நினைக்கிறார்கள். ‘க்ளோஸ் தி டோர்’ என்பது வெறும் ‘கதவை மூடு’தான், ‘அந்தக் கதவை மூடு’ அல்ல.