எடை குறைந்த கம்பி: கடைக்காரருக்கு நான் எழுதிய கடிதம்

"வீட்டு வேலைக்கு இறக்கிய கம்பி பில்லில் போட்ட எடைக்கு வரல. கடையில் கேட்டா 'எல்லாக் கம்பியும் இப்படித்தான் வரும்'னு சொல்றாங்க. மாத்திக் கொடு, இல்ல பணத்தைக் கொடுன்னு கடிதம் எழுதினா வேலைக்காகுமா? அதுல என்ன எழுதணும்?"

ஆகும். நான் எழுதிய முதல் கடிதம் ஆகவில்லை, இரண்டாவதுதான் ஆனது.

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் மூன்றாங்கட்டு ஒரு மழையில் சரிந்துவிட்டது. அந்த இடத்தில் இரண்டு அறை போட்டு மேலே கான்கிரீட் தளம் என்று முடிவானது. 12 எம்எம் கம்பி நூறு லென்த், கூடவே ரிங்குக்கு 8 எம்எம் கொஞ்சம் சொல்லியிருந்தோம். லோடு இறங்கிய மறுநாள் கம்பி கட்டுகிற அண்ணன் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கைக்கு லேசா இருக்கே, போட்டுப் பாத்தீங்களா?" என்றார். நான் போட்டுப் பார்க்கவில்லை. கோபத்தில் "தரமற்ற கம்பியை அனுப்பி ஏமாற்றிவிட்டீர்கள்" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் படித்துவிட்டு, "ரோலிங் மார்ஜின் அண்ணே, மில்லுலயே அப்படித்தான்" என்று திருப்பிக் கொடுத்தார். என்னிடம் மறுபேச்சு இல்லை, ஏனென்றால் கடிதத்தில் ஓர் எண் கூடக் கிடையாது.

ரோலிங் மார்ஜின், அதாவது மில்லில் கம்பியை உருட்டும்போது எடையில் வரும் சிறு ஏற்ற இறக்கம், உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு எல்லையும் இருக்கிறது. ஐஎஸ் 1786 தரப்படி 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 888 கிராம் இருக்க வேண்டும். விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் எந்தக் கம்பிக்கும் இந்த எடை கிலோவில் வந்துவிடும். 10 எம்எம்முக்கு மேல் 16 எம்எம் வரை மொத்த லோடு 5 சதவீதம் குறையலாம், தனித்துண்டு 6 சதவீதம் குறையலாம். 10 எம்எம்மும் அதற்குக் கீழும் என்றால் மொத்த லோடு 7, தனித்துண்டு 8 சதவீதம் வரை போகலாம். அதனால் லோடு முழுக்க 6 சதவீதம் குறைந்திருந்தால் 8 எம்எம்முக்குச் செல்லும், 12 எம்எம்முக்குச் செல்லாது. கடையில் இந்த வித்தியாசத்தை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து 12 எம்எம்மை மட்டும் வண்டியில் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டுபோனோம். வெறும் வண்டிக்கு ஒரு சீட்டு, லோடு வண்டிக்கு ஒரு சீட்டு. 12 மீட்டர் கம்பி நூறுக்கு பில்லில் 1,066 கிலோ போட்டிருந்தார்கள், அதாவது நீளத்தை வைத்துக் கணக்குப் பண்ணிய எடை. மேடை காட்டியது 970. 5 சதவீதம் கழித்தாலும் 1,013 கிலோ இருக்க வேண்டும். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு, அவன் கண்முன்னே மூன்று வெவ்வேறு கட்டிலிருந்து ஒவ்வொரு மீட்டர் அறுத்து, மண்ணைத் துடைத்து, பலசரக்குக் கடைத் தராசில் வைத்தோம். 806, 811, 809 கிராம். தனித்துண்டுக்கு 835 கிராமாவது வர வேண்டும். ஒரே கட்டிலிருந்து மூன்றையும் எடுத்தால் "அந்த ஒரு கட்டு மட்டும் அப்படி" என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவோம். காலிப்பர் வைத்து அளப்பதை நம்பாதீர்கள், கம்பியில் இருக்கும் வரி குழப்பிவிடும்.

இரண்டாவது கடிதம் இது:

அனுப்புநர், பெறுநர் விவரம்.
பொருள்: பில் எண் 318, 12 எம்எம் கம்பி 100 எண்ணிக்கை, எடைக் குறைவு, சரக்கை ஏற்க மறுத்தல்.

ஐயா, மேற்படி பில்லில் ஐஎஸ் 1786, எஃப்இ 500டி என்று குறிப்பிட்டு 1,066 கிலோவுக்குப் பணம் பெற்றுள்ளீர்கள். எடைமேடைச் சீட்டின்படி வந்தது 970 கிலோ. 96 கிலோ, அதாவது 9 சதவீதம் குறைவு. தங்கள் ஊழியர் முன்னிலையில் எடுத்த மூன்று ஒரு மீட்டர் துண்டுகளும் 811 கிராமுக்கு மேல் இல்லை. தரம் அனுமதிக்கும் அளவுக்கு இது கீழே என்பதால் இந்தச் சரக்கை நான் ஏற்கவில்லை. சோதனைக்கு அறுத்த மூன்று கம்பிகளைத் தவிர எதையும் வெட்டவோ வளைக்கவோ இல்லை. தங்களுக்காகத் தனியே அடுக்கி வைத்துள்ளேன். ஏழு நாளுக்குள் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு சரியான எடையுள்ள கம்பி தரவும், அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தரவும். எடைமேடைக் கூலியும் வண்டி வாடகையும் தங்களைச் சேரும். இணைப்பு: பில் நகல், எடைச் சீட்டுகள், படங்கள்.

இதில் உயிர்நாடி "ஏற்கவில்லை" என்ற சொல். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 42படி, மறுப்புச் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் சரக்கை வைத்திருந்தாலோ, சொந்தச் சரக்கு மாதிரி அதை வேலைக்கு எடுத்தாலோ ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். அதன்பின் பெரும்பாலும் இழப்பீடு கேட்கலாமே தவிர, திருப்பி எடு என்று நிற்க முடியாது. சோதித்துப் பார்க்கும் உரிமை பிரிவு 41இல் இருக்கிறது, அதனால் மூன்று துண்டு அறுத்தது தப்பில்லை. திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நம் பொறுப்பில்லை, மறுப்பைச் சொன்னால் போதும் என்கிறது பிரிவு 43. என் 8 எம்எம் கம்பியில் பாதியை அதற்குள் ரிங் அடித்துவிட்டார்கள். அதற்கு நான் வாயே திறக்கவில்லை.

"எடைக்குத்தானே காசு, குறைஞ்ச 96 கிலோவுக்குத் திருப்பித் தர்றேன்" என்று ஒரு பேச்சு கட்டாயம் வரும். எனக்கும் வந்தது, கிலோ 62 ரூபாய் வீதம் 5,952 ரூபாய். வாங்கிக்கொண்டால் கதை முடிந்தது, கம்பி மட்டும் ஒல்லியாகவே இருக்கும். நூறு கம்பி என்று இன்ஜினியர் கணக்குப் போட்டது 12 எம்எம்முக்கு. 9 சதவீதம் எடை குறைந்தால் குறுக்குப் பரப்பும் அதே அளவு குறையும், தாங்கும் பாரமும் அதோடு இறங்கும். நான் கேட்டது மாற்றுக் கம்பி, விலைக் கழிவு இல்லை.

எழுதுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். கம்பி மேலேயும் கட்டில் தொங்கும் அட்டையிலும் ஐஎஸ்ஐ முத்திரையோடு உரிம எண் இருக்கும். BIS Care செயலியில் Verify Licence Details போய் அந்த CM/L எண்ணைப் போட்டால் எந்த மில், உரிமம் நடப்பில் உள்ளதா என்று வரும். எண் வேறு கம்பெனியைக் காட்டினால் விவகாரமே வேறு, அதைக் கடிதத்தின் முதல் வரியாக்குங்கள். இழுவிசை போன்றவற்றில் சந்தேகம் இருந்தால் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் பணம் கட்டிச் சோதிக்கலாம். எடைக் குறைவுக்கு அது தேவைப்படாது.

கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டேன், வாட்ஸ்அப்பிலும் படமாகப் போட்டேன். கடைக்காரர் அசையாமல் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார், பிறகு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பில் உங்கள் பெயரில் இருப்பது நல்லது. கான்ட்ராக்டர் பெயரில் இருந்தால் கடிதத்தையும் அவரை எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள் லாரி வந்தது. பழைய கம்பியை ஏற்றி, புதியதை இறக்கும் முன் "அண்ணே, மேடைக்குப் போயிட்டே வந்துட்டோம்" என்று டிரைவர் சீட்டை நீட்டினார். 1,048 கிலோ. வண்டி வாடகையை மட்டும் கடைசிவரை தரவில்லை.