'ஹேட்' எங்கே, 'யூஸ்ட் டு' எங்கே?

கேள்வி: ஆங்கிலப் பத்தியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் வினைகளைச் சரியான காலத்தில் எழுதும்போது, 'ஹேட்' சேர்ந்து வரும் பாஸ்ட் பர்ஃபெக்டும் யூஸ்ட் டுவும் எங்கே வரும் என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எதையும் எழுதாமல் பத்தியை முழுக்கப் படித்து, எது முன்னால் நடந்தது என்று பாருங்கள். 'வென் வி ___ தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ___ ஆல்ரெடி ___' என்ற வரியில் ரீச், லீவ் என்ற வினைகள் தரப்பட்டிருக்கின்றன. நாம் போய்ச் சேருமுன்பே ரயில் கிளம்பிவிட்டது. ஆகவே 'ரீச்ட்', 'ஹேட் ஆல்ரெடி லெஃப்ட்'. தமிழில் 'போயிருந்தது' என்று சொல்லத் தோன்றினால் பெரும்பாலும் அங்கே 'ஹேட்' வரும். பலர் இரண்டு வினைக்குமே 'ஹேட்' போட்டுவிடுகிறார்கள். பின்னால் நடந்ததற்கு அது வேண்டாம்.

சரி, அடுத்த வரி 'மை அங்கிள் ___ தேர், பட் நவ் ஹி ___ எ ஷாப்'. ஒர்க், ரன். முன்பு இருந்தது, இப்போது இல்லை. 'நவ்' அதைக் காட்டுகிறது. எனவே 'யூஸ்ட் டு ஒர்க்', 'ரன்ஸ்'. ஆனால் முதல் பாதியில் 'ஃபார் டென் இயர்ஸ்' என்று கால அளவு இருந்தால் வெறும் 'ஒர்க்ட்' போதும்.