லாச்சியில் விடுபட்ட எழுபத்திரண்டாயிரம்

உயர்தரப் பெறுபேறு வந்த மூன்றாம் நாள் கோண்டாவிலில் இருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பிள்ளை வர்த்தகப் பிரிவு. கணக்கீட்டில் பி, மற்ற இரண்டும் சி. லண்டனில் இருக்கும் மாமா, சீமா என்ற பிரித்தானியக் கணக்கியல் படிப்பைப் படிக்கச் சொல்லிவிட்டார், முதல் கட்டணத்தை அனுப்புவாராம். மிச்சத்துக்குத் தன் நகையை அடைவு வைக்கலாம் என்று தாய் கணக்குப் போட்டிருந்தார். "சனம் கேட்டால் என்ன சொல்லுறது சேர்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. பவுணில் கட்டணம் கேட்கும் படிப்புக்கு ரூபாயில் நகை அடைவு வைக்கக் கூடாது என்று நேரடியாகவே சொன்னேன். மாமா முதல் கட்டணத்தோடு நின்றுவிட்டால் அடுத்தது யார் தலையில்? ஒரு பாடம் தவறினால் பரீட்சைக் கட்டணத்தைத் திரும்பவும் கட்ட வேண்டும், அடைவு வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளையைப் பார்த்து, என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, பக்கத்து வீட்டு மாமாவின் பலசரக்குக் கடையில் கடன் கொப்பியைத் தான்தான் கூட்டிக் கொடுப்பதாகச் சொன்னாள். தாய் அதைத் தட்டிவிடப் பார்த்தார். எனக்கோ அன்று அவர்கள் சொன்னதில் உருப்படியான சேதி அது ஒன்றுதான்.

இங்கே இருக்கிற பெரும்பாலான சிறுகடைகளில் கணக்காளருக்குக் கொடுக்க முதலாளியிடம் காசு இல்லை. பில்லுகள் பொலித்தீன் பையில், கடன் ஒரு கொப்பியில், மிச்சமெல்லாம் அவர் தலைக்குள். அதனால் பிள்ளைக்கு ஒரு மாத வேலை கொடுத்தேன்: அந்தக் கடைக்கு நான்கு கொப்பி போடு. நாளாந்தக் காசு, கொள்வனவு, கடன் கொடுத்தது, சம்பளம். மாத முதல் நாளும் கடைசி நாளும் சரக்கை எண்ணி வாங்கின விலைக்கு எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

மாதம் முடிய அவள் கொண்டுவந்த கணக்கு இது. தொடக்கச் சரக்கு 6,40,000 ரூபாய். வாங்கினது 11,30,000. முடிவில் இருந்தது 6,90,000. ஆக, விற்ற சரக்கின் வாங்கின விலை 10,80,000. கடைக்காரர் சராசரியாக விற்பனையில் பத்து வீதம் இலாபம் வைக்கிறார் என்பதை அவளே முப்பது பொருளின் விலையை எடுத்துப் பார்த்திருந்தாள். அப்படியானால் இந்த 10,80,000 விற்பனையில் தொண்ணூறு வீதம், விற்பனை 12 இலட்சம் இருக்க வேண்டும். கொப்பியில் இருந்ததோ 11,28,000. 72,000 ரூபாயைக் காணவில்லை.

கடைக்காரருக்கு முதலில் வந்த யோசனை வேலைக்கு நிற்கும் பெடியன் மேல்தான். நான் பிள்ளையிடம் சொன்னேன், ஆளைப் பிடிக்க முன் கடதாசியைப் பிடி. இரண்டு நாள் இருந்து தேடினாள். 40,000 ரூபாய்க்குக் கொடுத்த கடன், கடன் கொப்பியில் இருந்தது, அன்றைய விற்பனையில் ஏறவில்லை. கடனைத் திருப்பித் தரும் நாளில்தான் அதை விற்பனை என்று எழுதுவது அவர் வழக்கம். 21,000 ரூபாய்க்கு வீட்டுக்குப் போன அரிசி, மா, பால்மா. இது கடையின் செலவு அல்ல, முதலாளியின் எடுப்பனவு. இன்னுமொரு 7,000, பிஸ்கட் வானுக்குக் காசு போடும் லாச்சியில் இருந்தே கொடுத்துவிட்டு, இரவு எண்ணும்போது மிச்சத்தை மட்டும் எழுதினது. 68,000 வந்துவிட்டது. பெடியன் தப்பினான்.

சிறுகடைகளுக்குக் கணக்கு எழுதும் இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகள் ஓர் அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். காசுக் கொப்பியின் மீதி ஒருநாளும் சைபருக்குக் கீழே போகாது, இல்லாத காசை லாச்சியில் இருந்து எடுக்க முடியாதே. அப்படிப் போனால் ஒரு விற்பனை எழுதப்படவில்லை, அல்லது முதலாளி தன் சட்டைப்பைக் காசை உள்ளே போட்டிருக்கிறார். அந்த நாளிலேயே கேட்டால் அவருக்கு நினைவிருக்கும். மாத முடிவில் கேட்டால் சண்டைதான் வரும்.

பில் கோவைப்படுத்துவதும் லேசான வேலைதான், ஆனால் நாள் தவறக் கூடாது. மாதத்துக்கு ஒரு கோவை, அதற்குள் காசு கொடுத்தது ஒரு பக்கம், கொடுக்க வேண்டியது ஒரு பக்கம். பின்திகதியிட்ட செக் கொடுத்திருந்தால் அதன் திகதியைப் பில்லின் மேலேயே எழுத வேண்டும். இயந்திரத்தில் வரும் வழுவழுப்பான பில் எங்கள் வெயிலுக்குச் சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கின அன்றே போனில் படம் எடுத்து வைக்கச் சொன்னேன். அப்புறம், இந்தக் கடை வற் என்ற பெறுமதி சேர் வரிக்குப் பதியாத கடை. விநியோகத்தர் பில்லில் 18 வீத வற் தனியாகக் காட்டியிருந்தாலும் முழுத் தொகையும் கொள்வனவுதான், பிரித்து எடுத்துத் திருப்பிக் கேட்க வழியில்லை. தன் பில்லில் வற் என்று போட்டு அறவிடவும் கூடாது.

சம்பளக் கொப்பியில்தான் நான் கடுமையாக இருந்தேன். பெடியனுக்கு மாதம் 35,000. ஒரே ஒரு ஆள் என்றாலும் ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதி உண்டு. முதலாளி பங்கு 12 வீதம், 4,200. பெடியனின் பங்கு 8 வீதம், 2,800, இது மட்டும்தான் சம்பளத்தில் கழியும். ஈ.ரி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 1,050, முழுதும் முதலாளி. அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம். பல கடைகளில் இரு பங்கையும் தொழிலாளியிடமே பிடிக்கிறார்கள். அப்படிச் செய்யச் சொல்லும் கடையின் கொப்பியை விட்டுவிட்டு வா என்றேன்.

வருமான வரியைப் பற்றித் தாய் பயந்தார். 12 இலட்சம் விற்பனையில் வரும் இலாபம் 1,20,000இல் வாடகை 20,000, மின்சாரம் 9,000, சம்பளம், முதலாளி பங்குகள் எல்லாம் கழித்தால் கடைக்கு மாதம் மிஞ்சுவது 50,750. வருடத்துக்கு ஆறு இலட்சம் சொச்சம். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் நிவாரணம் 18 இலட்சம், கடைக்காரருக்கு வேறு வருமானமும் இல்லை, ஆகவே வரி இல்லை. ஆனால் இறைவரித் திணைக்களத்தில் இருந்து விவரத்திரட்டுப் படிவம் வந்தால், வரி இல்லையே என்று மூலையில் போடக் கூடாது, நவம்பர் 30க்கு முன் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கொப்பிகள் இருந்தால் அது ஒரு பின்னேர வேலை.

சரி, எவ்வளவு கேட்பது? கடைக்கு மாதம் 4,000. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், மாத முடிவில் மூன்று, மொத்தம் பதினொன்று. எட்டுக் கடை என்றால் 88 மணித்தியாலம், 32,000 ரூபாய். பழைய பில் மூட்டையை ஒழுங்குபடுத்தக் கேட்டால் அதற்குத் தனிக் காசு. கடைக்காசைக் கையில் வாங்கி வங்கியில் போடுவது, வங்கிக் கடவுச்சொல்லை வைத்திருப்பது, உண்மைக் கணக்கை மறைக்க இரண்டாவது கொப்பி எழுதுவது, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். கணக்காய்வு அறிக்கையில் கையெழுத்து வைக்க அவளுக்கு அதிகாரம் இல்லை என்பதையும் முதல் நாளே முதலாளிக்குச் சொல்லிவிட வேண்டும். வங்கி பெரிய கடனுக்குக் கணக்காய்வு செய்த கணக்குக் கேட்டால் பட்டயக் கணக்காளரிடம்தான் போக வேண்டும். இந்தக் கொப்பிகளைக் கொண்டுபோனால் அவருக்கும் வேலை குறையும்.

32,000 ஒரு குடும்பத்துக்குப் போதாது என்று தாய் சொன்னார். உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை வீட்டில் இருந்துகொண்டே அந்தக் காசில் ஏ.ஏ.ரி. என்ற உள்ளூர்க் கணக்கியல் படிப்பைப் படிக்கலாம், நகை வீட்டிலேயே இருக்கும். சீமா வேண்டும் என்று அவளுக்கே தோன்றினால், பிறகு தன் காசில் தொடங்கட்டும். லண்டன் மாமாவிடம் நானே பேசுகிறேன் என்று இலக்கத்தை வாங்கிக்கொண்டேன். அவர் சந்தோசப்படவில்லை, அது வேறு கதை.

பிள்ளை எங்கள் பேச்சில் பெரிதாகக் கவனம் வைக்கவில்லை. காணாமல் போன 72,000இல் இன்னும் பிடிபடாத 4,000 ரூபாய்தான் அவள் தலையில் நின்றது. சீனி ஐம்பது கிலோ மூட்டையாக வருகிறது, கிலோ கிலோவாகக் கட்டி விற்கிறார்கள். ஒரு மூட்டையில் உண்மையில் எத்தனை பை வருகிறது என்று வருகிற சனிக்கிழமை தராசோடு இருந்து எண்ணப் போகிறாளாம்.