எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம்: நேர்முகத் தேர்வில் மதிப்பெண் போடும் முறை

கேள்வி: பினாங்கின் பிறையில் பதினெட்டுப் பேர் வேலை செய்யும் சிறிய சரக்கு ஃபார்வர்டிங் நிறுவனம் நடத்துகிறோம், ஐயா. வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் எடுக்க நான், என் தம்பி, ஆப்பரேஷன் மேலாளர் மூவரும் உட்கார்ந்து நேர்முகத் தேர்வு நடத்தினோம். சரக்கு தாமதமானதை வாடிக்கையாளரிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்டோம். அவர் சொன்ன ஒரே பதிலுக்கு நான் 2 போட்டேன், தம்பி 4, மேலாளர் 5. மதிப்பெண் தாள் வைத்துக்கொண்டும் ஏன் இப்படி ஆகிறது? இதைச் சரிசெய்ய என்ன செய்வது?

பதில்: உங்கள் தாளில் 5க்குப் பக்கத்தில் 'மிகச் சிறப்பு', 3க்குப் பக்கத்தில் 'சுமார்', 1க்குப் பக்கத்தில் 'மோசம்' என்று எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். சிக்கல் அங்கேதான். எது சிறப்பு என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. மூன்று பேரும் தங்கள் மனதில் இருப்பதை வைத்து முடிவு செய்கிறார்கள். ஒருவர் பேச்சின் சரளத்தைப் பார்க்கிறார், ஒருவர் தைரியத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் கதை நல்லபடி முடிந்ததா என்று பார்க்கிறார். மூவரும் நேர்மையாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் மூவரும் அளந்தது வேறு வேறு பொருள்.

இதற்கு நடத்தை சார்ந்த மதிப்பீட்டு அளவுகோல் என்று ஒரு முறை இருக்கிறது. மனிதவளத் துறையில் சுருக்கமாக 'பார்ஸ்' என்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அடைமொழிக்குப் பதிலாக, ஒருவர் என்ன செய்தார் என்று காட்டும் வாக்கியம் இருக்கும். அந்த எண்ணை அலையவிடாமல் பிடித்து நிறுத்துவதால் அதற்கு நங்கூரம் என்று பெயர். 1963இல் ஸ்மித், கெண்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் தாதியர்களின் வேலையை மதிப்பிட இதை உருவாக்கினார்கள். நேர்முகத் தேர்வுக்கு அது பிறகு வந்தது.

இணையத்தில் கிடைக்கும் ஆயத்த நங்கூரங்களை எடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் நடந்ததிலிருந்து எடுத்தால்தான் அவை பயன்படும். இந்த வேலையை இப்போது செய்பவர்கள், அவர்களுக்கு மேல் இருப்பவர்கள் என ஐந்து பேரைப் பிடியுங்கள். ஆளுக்கு ஆறு துண்டுச் சீட்டு கொடுங்கள். 'கடந்த ஒரு வருடத்தில் இந்த வேலையில் யாராவது மிக நன்றாகச் செய்த, சொதப்பிய, சாதாரணமாகச் செய்த சம்பவங்களை எழுதுங்கள். என்ன நிலைமை, அந்த ஆள் என்ன செய்தார், என்ன விளைவு?' என்று கேளுங்கள். ஆளின் பெயர் வேண்டாம். 'பொறுப்பான பிள்ளை', 'மனப்பான்மை சரியில்லை' என்று வரும் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, 'எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் சம்பவம்.

முப்பது சீட்டு கையில் வந்தால் அவை தாமாகவே நான்கைந்து குவியலாகப் பிரியும். கெட்ட செய்தியை வாடிக்கையாளரிடம் சொல்வது ஒன்று. பத்திரங்களைச் சரிபார்ப்பது ஒன்று. லோரிக்காரர், ஏஜெண்டு, கிடங்கு என எல்லாரையும் ஒருங்கிணைப்பது இன்னொன்று.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஸ்மித், கெண்டல் முறையின் உயிரே அடுத்த படியில்தான் இருக்கிறது. குவியல்களைக் கலைத்து, எந்தச் சீட்டை எங்கே வைத்தீர்கள் என்பதை மறைத்து, தலைப்புகளின் பட்டியலோடு சீட்டு எழுதாத மூன்று பேரிடம் கொடுங்கள். ஒவ்வொரு சம்பவமும் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று அவர்கள் தனித்தனியே பிரிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பேராவது நீங்கள் வைத்த இடத்திலேயே வைக்காவிட்டால் அந்தச் சீட்டைத் தள்ளிவிடுங்கள். பிறகு மிஞ்சியவற்றுக்கு அதே மூவரும் 1 முதல் 5 வரை எண் போடட்டும். ஒருவர் 2, இன்னொருவர் 4 போட்ட சம்பவம் எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் நங்கூரமாகாது. சம்பவம் கண்முன் கிடக்கும்போதே ஒத்துப்போகாதவர்கள், அறைக்குள் விண்ணப்பதாரரின் பதிலைக் கேட்டு எப்படி ஒத்துப்போவார்கள்?

இந்த வடிகட்டலில் 1உம் 5உம் எளிதாக நின்றுவிடும். நடுவில் இருப்பவைதான் அதிகம் உதிரும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலைக்காகச் செய்த அளவுகோலில் 3க்கு நல்ல சம்பவம் கிடைக்காமல், 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார்' என்று எழுதி ஒப்பேற்றினேன். பத்துப் பேரில் ஏழு பேருக்கு 3 விழுந்தது. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அந்தத் தாள் எதையுமே சொல்லவில்லை. அன்றிலிருந்து 3க்கான வாக்கியத்தைத்தான் நான் முதலில் எழுதுகிறேன். வேலை கெடவில்லை, ஆனால் ஏதோ ஒன்று விடுபட்டது. விடுபட்டது எது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

உங்கள் கேள்விக்கு ஏற்ற ஒரு மாதிரி இதோ.

5: வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே தானே அழைத்தார். காரணம், புதிய தேதி, கூடுதல் செலவு மூன்றையும் விசாரித்து வைத்துக்கொண்டு சொன்னார். அவசரப் பகுதியை மட்டும் வேறு வழியில் கொண்டுவரலாமா என்பது போல ஒரு மாற்று வழியையும் முன்வைத்தார்.

3: தெரிந்த அன்றே சொன்னார், காரணத்தையும் சொன்னார். தேதியையும் செலவையும் வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் விசாரிக்கப் போனார்.

1: வாடிக்கையாளர் அழைக்கும்வரை சொல்லவில்லை. அல்லது சொன்னபோது கப்பல் நிறுவனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று எதுவும் சொல்லவில்லை.

2, 4 இரண்டையும் வெறுமையாகவே விடலாம். இடைப்பட்ட பதிலுக்கு அவை. விண்ணப்பதாரர் இந்த வாக்கியங்களை அப்படியே ஒப்பிக்கப் போவதில்லை என்பதையும் மூவரும் மனதில் வைக்க வேண்டும். 'இவர் சொன்னது எதற்கு மிக நெருக்கம்?' என்பதே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இனி ஒரு பதிலைப் போட்டுப் பார்ப்போம். பட்டர்வொர்த்தில் டைல்ஸ் மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்த ஒரு பெண் இப்படிச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்: 'கண்டெய்னரை கஸ்டம்ஸ் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று காலையில் ஏஜெண்டு சொன்னார். உடனே கான்ட்ராக்டருக்குப் போன் செய்து, சோதனை முடிய வேண்டும், வியாழக்கிழமை வரும் என்றேன். துறைமுக வாடகை ஏறும் என்பதைச் சொல்லவில்லை. பில் போனதும் அவர் கத்தினார். முதலாளியிடம் பேசிப் பாதியை நாங்கள் ஏற்றோம். அதற்குப் பிறகு செலவு என்ன ஆகும் என்று கேட்காமல் நான் யாருக்கும் போன் செய்வதில்லை.'

வாடிக்கையாளர் கேட்கும் முன் தானே அழைத்திருக்கிறார், காரணம் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. இவ்வளவும் 5இன் பக்கம். செலவைச் சொல்லவில்லை, மாற்று வழியும் இல்லை. அதனால் 5 ஆகாது. தேதியைக் கேட்காமலே சொன்னதால் 3ஐவிட மேல். ஆகவே 4. தயங்கித் தயங்கிப் பேசியதற்காக 2 ஆகாது. கடைசி வாக்கியத்தில் பாடம் கற்றுக்கொண்டது மனதைத் தொட்டது என்பதற்காக 5உம் ஆகாது. கற்றுக்கொள்ளும் குணம் உங்களுக்கு முக்கியமென்றால் அதற்குத் தனிக் கேள்வியும் தனி அளவுகோலும் வையுங்கள்.

தயக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒருவர் ஆங்கிலத்தில் தொடங்கி, மலாய்க்குப் போய், தமிழில் முடிப்பார். ஆங்கிலத்தில் திணறும் ஆளைக் கெட்டிக்காரத்தனம் குறைந்தவராக எண்ணிவிடும் பழக்கம் நமக்கு ஆழமாக ஊறியிருக்கிறது, எனக்கும்தான். இந்த அளவுகோலில் மொழி பற்றி ஒரு சொல்லும் இல்லாதபோது மொழிக்காக மதிப்பெண் குறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. வேலைக்கு ஆங்கிலம் தேவையென்றால், வெளிநாட்டு ஏஜெண்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லி அதைத் தனியே மதிப்பிடுங்கள்.

அறையில் நடப்பதும் எண்ணைக் கெடுக்கும். செலவைப் பற்றி அந்தப் பெண் உங்களிடம் எதுவுமே சொல்லாமல் விட்டிருந்தால், வாடிக்கையாளரிடமும் அதைச் சொல்லவில்லை என்று நீங்களாக முடிவு செய்துவிடக் கூடாது. 'அந்த அழைப்பில் வேறு என்னென்ன சொன்னீர்கள்?', 'பிறகு என்ன நடந்தது?' என்ற இரண்டு துணைக் கேள்விகளை எல்லாரிடமும் அதே சொற்களில் கேளுங்கள். 'செலவைச் சொன்னீர்களா?' என்று கேட்டால் விடையை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

பதில் வரும்போது அவர் சொன்ன சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் வெளியேறியதும், ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன், மூவரும் தனித்தனியே எண் போட்டு, அதற்குக் காரணமான சொற்களைப் பக்கத்தில் எழுதுங்கள். அதன் பிறகுதான் தாள்களைத் திறக்க வேண்டும். முதலாளி கடைசியில் பேசுங்கள். நீங்கள் முதலில் '2' என்று சொல்லிவிட்டால் மேலாளரின் 5 அந்த நிமிடமே 3 ஆகிவிடும். வித்தியாசம் ஒன்று என்றால் சராசரி எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டோ அதற்கு மேலோ என்றால் குறிப்புகளை உரக்கப் படியுங்கள். பெரும்பாலும் ஒருவர் கேட்ட ஒரு விவரத்தை இன்னொருவர் தவறவிட்டிருப்பார். இருவர் குறிப்பும் ஒன்றாக இருந்தும் எண் மாறுகிறதென்றால், நங்கூர வாக்கியத்தைத் திருத்த வேண்டும்.

ஒரே ஆளுக்கு எல்லாத் தலைப்பிலும் ஒருவர் 4, 4, 4, 4 என்று போட்டுக்கொண்டே வந்தால், அவர் ஆளைப் பிடித்துப்போய்ப் போடுகிறார், பதிலைக் கேட்டுப் போடவில்லை என்று சந்தேகப்படலாம். எல்லாருக்குமே 5 விழுந்தால் கேள்வி விடையைக் காட்டிக் கொடுக்கிறது.

இந்த முறை எவ்வளவு தாங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, வகுத்த அளவுகோலில் மதிப்பிடும் நேர்முகத் தேர்வுகள் பின்னாளைய வேலைத்திறனோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 2022இல் சாக்கெட் என்ற உளவியலாளரின் குழுவினர் பழைய ஆய்வுகளைத் தொகுத்து மறுபடி கணக்கிட்டார்கள். முழுப் பொருத்தம் 1 என்றால் இவற்றுக்குக் கிடைத்தது 0.42. அவர்கள் ஒப்பிட்ட முறைகளில் அதுவே முதலிடம். மனம்போன போக்கில் கேட்கும் தேர்வுகளுக்கு 0.19தான். இருந்தாலும் 0.42 என்பது 1 அல்ல. நான்கு தலைப்பில் மொத்தம் 17 வாங்கியவருக்கும் 16 வாங்கியவருக்கும் இடையே இந்த அளவுகோல் எதையும் உறுதியாகச் சொல்லாது. அந்த இருவரையும் சமமாகவே எடுத்துக்கொண்டு, பழைய முதலாளியிடம் விசாரிப்பது, கே1 என்ற இறக்குமதிச் சுங்கப் பாரம் ஒன்றில் பிழை கண்டுபிடிக்கச் சொல்வது போன்ற வேறு வழிகளில் முடிவு செய்யுங்கள். 17க்கும் 11க்கும் இடையே என்றால் தாளை நம்பலாம்.

அடுத்த விண்ணப்பதாரரைக் கூப்பிடும் முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். இப்போது உங்களிடம் இதே வேலையில் இருப்பவர்களில் கெட்டிக்காரர் ஒருவரையும் சுமாரானவர் ஒருவரையும் இதே கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லி, மூவரும் தனித்தனியே எண் போடுங்கள். இருவருக்கும் ஒரே எண் விழுந்தால், 3க்கான வாக்கியத்தை மறுபடி எழுதிவிட்டுத் தேதி குறியுங்கள்.