முதல் வரியில் என்ன எழுதுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு மழைநீர் சேகரிப்பு பற்றிக் கட்டுரை எழுதியுள்ளேன். "இன்றைய அவசர உலகில் இயற்கையை மறந்துவிட்ட மனிதன், தண்ணீரின் அருமையை உணரத் தவறிவிட்டான்" என்று தொடங்குகிறது. மலர்க் குழுவினர் அந்த வரியை நீக்கச் சொல்கிறார்கள். அதில் என்ன குறை?
– வாசகர், வேளச்சேரி

அந்த வரியில் "தண்ணீரின்" என்பதை எடுத்துவிட்டு "உறக்கத்தின்" என்றோ "வாசிப்பின்" என்றோ போட்டுப் பாருங்கள். வாக்கியம் சிறிதும் குலையாமல் நிற்கும். எந்தப் பொருளுக்கும் பொருந்தும் வாக்கியம் உங்கள் பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை; அதனால் வாசகர் அதைத் தாண்டிப் போகிறார், சில நேரங்களில் கட்டுரையையும் சேர்த்தே தாண்டிவிடுகிறார்.

நீங்கள் அனுப்பிய படியில், முதல் பத்தி அவசர உலகைப் பற்றியும், இரண்டாம் பத்தி 2003ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதைப் பற்றியும் பேசுகின்றன. மூன்றாம் பத்தியின் நடுவில்தான், மொட்டை மாடியிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்களில் ஒன்று கிணற்றுக்குப் போகாமல் தெரு வடிகாலில் சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். கட்டுரை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முன் உள்ளவை, எழுதும் கை சூடேறுவதற்காக எழுதப்பட்டவை. எழுதும்போது அவை தேவைப்பட்டிருக்கலாம், அச்சில் தேவையில்லை.

ஆகவே இப்படித் தொடங்கலாம்: "எங்கள் மாடியில் விழும் மழையில் பாதி, கிணற்றை எட்டாமல் தெரு வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது." அடுத்த வாக்கியத்தில் அளவைச் சொல்லுங்கள். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். உங்கள் மாடி 200 சதுர மீட்டர் என்று குறிப்பிட்டிருப்பதால், 5 சென்டிமீட்டர் மழைக்கு அங்கே 10,000 லிட்டர் விழும். இரு குழாய்களும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் அதில் ஏறத்தாழ 5,000 லிட்டர் வீணாகிறது. இதற்குப் பிறகு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தால், சட்டப்படி அமைப்பு இருந்தும் குழாய் இடம் மாறியிருந்தது என்ற முரண் தானாகவே வெளிப்படும். முன்பு வெறும் தகவலாகக் கிடந்த ஆண்டுக்கு இப்போது ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

கட்டுரையைக் குறளில் தொடங்குவதும் இந்த வகைதானா?
– வாசகர், மயிலாப்பூர்

பெரும்பாலும் ஆம். தண்ணீர் பற்றிய கட்டுரைகளில் 20ஆம் குறளின் "நீரின்றி அமையாது உலகு" என்ற பகுதி மட்டும் முகப்பில் தொங்கும். மழையின்றி நீரோட்டமும் இல்லை என்னும் இரண்டாம் அடியை யாரும் தொடுவதில்லை. அந்த அடியைக் கொண்டு நீங்கள் எதையாவது வாதிடப் போகிறீர்கள் என்றால் குறளைத் தாராளமாக வைக்கலாம், வாதம் வரும் இடத்தில்.

பொதுவாகத் தொடங்கக் கூடாது என்பதால், "2019 ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ஏற்றிய ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது" என்று என் கட்டுரையைத் தொடங்கினேன். ஆசிரியர் இதையும் வெட்டிவிட்டார். இது குறிப்பான செய்திதானே?
– வாசகர், அம்பத்தூர்

குறிப்பானதுதான், ஆனால் உங்கள் கட்டுரை, வீட்டுக் குழாய்க் கசிவைச் சரிசெய்வது பற்றியது. அந்த ரயில், சென்னையின் ஏரிகள் வறண்டபோது நகரத்துக்கு நீர் எங்கிருந்து வந்தது என்று ஆராயும் கட்டுரைக்கு மிகச் சிறந்த தொடக்கம். உங்கள் கட்டுரையிலோ, இரண்டாம் பத்திக்குப் பிறகு அது திரும்ப வரவே இல்லை. முதல் பத்தியை மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். எங்கும் எதுவும் புரியாமல் போகவில்லை என்றால், அந்தப் பத்தியில் எத்தனை தேதியும் எண்ணும் இருந்தாலும் அது நிரப்பல்தான். விடியற்காலைத் தேநீர்க் கடை, லாரியின் ஹாரன், குடத்துடன் நிற்கும் பாட்டி என்று காட்சி வரைந்துவிட்டு அடுத்த பத்தியிலேயே அவர்களைக் கைவிடும் கட்டுரைகளுக்கும் இதுவே பொருந்தும். உங்களுக்கு, எந்த இணைப்பில் கசிந்தது, எப்படித் தெரிந்தது என்பதே போதிய தொடக்கம்: இரவு எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் காலையில் இறங்கியிருந்தது என்று நீங்களே ஏழாவது பத்தியில் எழுதியிருக்கிறீர்கள்.

பள்ளித் தேர்வில் "முன்னுரை" என்ற தலைப்பிட்டுத்தானே எழுத வேண்டும்? அங்கே என்ன செய்வது?
– ஆசிரியை, பெரம்பூர்

தலைப்பு இருக்கட்டும், அதை நீக்கினால் மதிப்பெண் குறையக்கூடும். அதன் கீழ் வரும் இரண்டு மூன்று வரிகளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். "நெகிழி ஒழிப்பு" என்பது தலைப்பானால், "அறிவியல் வளர்ந்த இக்காலத்தில்" என்பதற்குப் பதிலாக, மாணவர் தம் தெருக் கால்வாயில் அடைத்துக்கொண்டிருக்கும் பொருள்களின் பெயர்களை எழுதலாம். பொருளுரையில் ஒவ்வொன்றுக்கும் மாற்று என்ன என்று எழுத அதுவே வழியமைத்துக் கொடுக்கும்.